கர்ணனின் ரகசியம் யாருக்கு, எப்போது தெரியும்?

பாரதப் போரின் 14ஆம் நாள். தேரையும் ஆயுதங்களையும் இழந்து நிற்கிறான் பீமன். எதிரே கர்ணன். ஓர் அம்பு போதும். ஆனால் கர்ணன் வில்லின் நுனியால் அவனைத் தொட்டு, நாலு ஏளன வார்த்தை பேசி, உயிரோடு விட்டுவிடுகிறான். பீமனுக்கு அது பொறுக்க முடியாத அவமானம். அர்ச்சுனனைத் தவிர உன் பிள்ளைகள் யாரையும் கொல்ல மாட்டேன் என்று குந்திக்குக் கொடுத்த வாக்குதான் கர்ணனின் கையைத் தடுத்தது. இது நமக்குத் தெரியும். பீமனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் அவமானப்பட்டிருக்க மாட்டான், அழுதிருப்பான்.

அந்த ஒரு காட்சி நிற்பதே யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்ற கணக்கின்மேல்தான். கர்ணனுக்குத் தெரிய வேண்டும், பீமனுக்குத் தெரியக்கூடாது, வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் காட்சி விழுந்துவிடும். நாவலோ தொடர்கதையோ எழுதுகிறவர்கள் அத்தியாயம் அத்தியாயமாக இந்தக் கணக்கை வைத்துக்கொள்வது உண்டு. ஜே.கே. ரௌலிங் ஹாரி பாட்டர் வரிசையின் 5ஆம் நூலுக்குக் கையால் கோடு போட்டு எழுதிய திட்டத் தாள் வெளியாகியிருக்கிறது. அத்தியாயம், அது நடக்கும் மாதம், அதில் நடப்பது என்று கட்டங்கள். ஒவ்வொரு கிளைக்கதைக்கும் தனியாக ஒரு பத்தி. கதையின் மைய ரகசியமான தீர்க்கதரிசனத்துக்கும் அதில் ஒரு பத்தி உண்டு.

ரகசியக் கணக்கை எப்படிப் போடுவது என்று பார்க்க, நாம் எல்லோரும் அறிந்த ஒரு ரகசியத்தையே எடுத்துக்கொள்வோம். கர்ணன் குந்தியின் மூத்த மகன். வியாசர் பெயரில் வழங்கும் வடமொழி மூலத்தில் இந்தச் செய்தி யார் கைக்கு எப்போது போகிறது என்று பின்தொடர்ந்தால், ஒரு பெரிய கதை தன் ரகசியத்தை எவ்வளவு கவனமாகக் காத்திருக்கிறது என்பது தெரியும். எங்கே ஓட்டை விட்டிருக்கிறது என்பதும் தெரியும்.

முதல் கட்டம்: தெரிந்தவர் யார்?

குழந்தை பிறந்தபோது குந்தியோடு இருந்தது அவளுடைய செவிலித்தாய். அவளோடு கலந்து பேசித்தான் பேழையில் வைத்து ஆற்றில் விடுகிறாள். ஆக, ரகசியம் பிறந்த நாளிலேயே அது இரண்டு பேருக்குத் தெரியும். எடுத்து வளர்த்த அதிரதனுக்கும் ராதைக்கும் பாதிதான் தெரியும். கவசகுண்டலத்தோடு வந்த இந்தப் பிள்ளை தங்கள் பிள்ளை இல்லை என்பது தெரியும். யாருடைய பிள்ளை என்பது தெரியாது.

எழுதுகிறவர் முதலில் பிரிக்க வேண்டியது இதைத்தான். ஒரு ரகசியம் பெரும்பாலும் ஒரே துண்டாக இருக்காது. ‘அவன் வளர்ப்புப் பிள்ளை’ என்பது ஒரு செய்தி. ‘அவன் குந்தியின் பிள்ளை’ என்பது வேறு செய்தி. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால், பின்னால் ராதை பேசும் இடத்தில் அவளுக்குத் தெரியாததையும் அவள் வாயில் வைத்துவிடுவோம்.

அடுத்தது குந்தி. குழந்தையை ஆற்றில் விட்டவளுக்கு, பல வருடம் கழித்து ஆயுத அரங்கேற்றத்தில் வந்து நிற்கும் இளைஞன் தன் மகன்தான் என்று எப்படித் தெரிந்தது? கவசகுண்டலம் அடையாளம் காட்டும். அது போதாதென்று கதை இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. தன் மகன் அங்க நாட்டில் தேரோட்டி வீட்டில் வளர்வதை ஒற்றர்கள் மூலம் அவள் முன்பே அறிந்திருந்தாள் என்று வன பருவம் சொல்கிறது. ஆகவே அரங்கில் கர்ணனும் அர்ச்சுனனும் எதிரெதிரே நிற்கும்போது அவள் மயங்கி விழுவதற்குக் காரணம் தயாராக இருக்கிறது. கூடியிருந்த யாருக்கும் அந்தக் காரணம் தெரியாது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்கலாம். அரங்கேற்றம் ஆதி பருவத்தில் வருகிறது. ஒற்றர் செய்தி அதற்கு வெகுநேரம் கழித்து வன பருவத்தில் சொல்லப்படுகிறது. ஆனால் கதையின் காலப்படி ஒற்றர் செய்தி முந்தியது. பின்னோக்கிப் போகும் காட்சிகள் உள்ள எந்தக் கதைக்கும் இதனால் இரண்டு வரிசை வேண்டும். ஒன்று, அத்தியாய வரிசை. அது வாசகருக்கு எப்போது தெரிகிறது என்பதற்கு. மற்றது, நடந்த காலத்தின் வரிசை. அது பாத்திரத்துக்கு எப்போது தெரிந்தது என்பதற்கு. பாத்திரம் நடந்துகொள்வதைச் சரிபார்க்கும்போது இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். பலர் முதல் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு குழம்பிப் போகிறார்கள்.

இரண்டாம் கட்டம்: யார் சொல்லித் தெரிந்தது?

கர்ணனுக்கு இது எப்போது தெரிந்தது என்று கேட்டால், கண்ணன் சொல்லித்தான் என்றே பெரும்பாலோர் சொல்வோம். தூது முறிந்து திரும்பும்போது கண்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய், நீ குந்தியின் மகன், பாண்டவரோடு சேர்ந்தால் அரசு உனக்கு என்கிறான். ஆனால் மூலத்தில் கர்ணனின் பதில் அதிர்ச்சியாக இல்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும் என்கிறான். பிறகு தன் பிறப்பைத் தானே சொல்லி, வளர்த்தவர்களை விட்டு வரமாட்டேன் என்கிறான்.

அவனுக்கு எப்படித் தெரிந்தது? இதற்கு முன்பு வன பருவத்தில் சூரியன் அவன் கனவில் வந்து, கவசகுண்டலத்தை இந்திரனுக்குக் கொடுக்காதே என்று எச்சரிக்கிறான். அப்போது தேவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் இருக்கிறது, காலம் வரும்போது நீ அறிவாய் என்று சொல்லி நிறுத்திவிடுகிறான். அந்த இரவில் கர்ணனின் கட்டம் ‘தெரியாது’. உத்தியோக பருவத்தில் ‘தெரியும்’. நடுவே யார் சொன்னார்கள் என்பதைக் கதை காட்டவில்லை.

அட்டவணையில் ‘தெரியும்’ என்று எழுதினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஒவ்வொரு ‘தெரியும்’ பக்கத்திலும் வழி எழுத வேண்டும்: நேரில் கண்டான், இன்னார் சொன்னார், கடிதம் படித்தான், ஊகித்தான், ஒட்டுக்கேட்டான். வழி எழுத முடியாமல் வெற்றாக நிற்கும் கட்டம்தான் கதையின் ஓட்டை. பல தலைமுறை பாடிய இதிகாசத்தில் அந்த வெற்றிடத்தைக் கேட்பவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். இன்றைய நாவல் வாசகர் நிரப்ப மாட்டார், கேள்விதான் கேட்பார்.

பீஷ்மரின் கட்டத்தில் வழி எழுதப்பட்டிருக்கிறது. பத்தாம் நாள் விழுந்து அம்புப் படுக்கையில் கிடக்கும்போது, தன்னைப் பார்க்க வந்த கர்ணனிடம், நீ ராதையின் மகன் இல்லை, குந்தியின் மகன் என்கிறார். நாரதர், வியாசர் வாயிலாக அறிந்ததாகவும் சொல்கிறார். உன்னை இத்தனை காலம் கடுமையாகப் பேசியது உன் வேகத்தைத் தணிக்கத்தான் என்கிறார். இதற்கு முன் அவர் கர்ணனை அரைத் தேராளி என்று இகழ்ந்ததெல்லாம் அந்த வார்த்தையால் வேறு பொருள் பெறுகிறது. கர்ணனும் ‘தெரியும்’ என்றே பதில் சொல்கிறான். கண்ணன், குந்தி, பீஷ்மர் என்று மூன்று பேர் சொல்லிக் கேட்கிறான். மூன்றாம் முறை கேட்கிறவன் முதல்முறை கேட்கிறவனைப் போல் திடுக்கிடவில்லை. தொடர்கதைகளில் அடிக்கடி நேரும் பிழை இதற்கு நேர் எதிரானது. பாத்திரம் 8ஆம் அத்தியாயத்தில் அறிந்த செய்தியை 20ஆம் அத்தியாயத்தில் மறுபடி கேட்டு மறுபடி அதிர்ச்சி அடையும்.

மூன்றாம் கட்டம்: தெரிந்தும் ஏன் பேசவில்லை?

தெரியாதவர் தெரிந்ததுபோல் நடப்பது ஒரு பிழை. தெரிந்தவர் தெரியாததுபோல் இருப்பது அதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான பிழை. ஏனென்றால் பேசாமல் இருப்பது பக்கத்தில் தெரியாது. ஆகவே ‘தெரியும்’ என்று குறித்த ஒவ்வொருவருக்கும் அவர் மௌனத்துக்குக் காரணமும் குறிக்க வேண்டும்.

கண்ணனின் காரணம் தெளிவாக இருக்கிறது. கர்ணனே கேட்டுக்கொள்கிறான்: இதை நமக்குள் வைத்திரு, தருமனுக்குத் தெரிந்தால் அவன் அரசை ஏற்கமாட்டான், எனக்குத் தருவான், நான் அதைத் துரியோதனனுக்குத் தந்துவிடுவேன். இந்தச் சில வார்த்தைகளால் கண்ணன் போர் முழுவதும் பேசாமல் இருப்பதற்கு வழி கிடைத்துவிடுகிறது. 17ஆம் நாள் கர்ணனின் தேர்ச்சக்கரம் மண்ணில் அழுந்தும்போதும் அவன் வாய் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நாம் கேட்பது இல்லை.

செவிலித்தாயோ அதற்குப் பிறகு கதையில் இல்லை. அவள் மௌனத்துக்குக் காரணம் தேவைப்படவும் இல்லை. ஆனால் இன்று எழுதுகிறவர் அப்படி விட்டுவிடக்கூடாது. மருத்துவச்சி, காரோட்டி, கடிதம் கொண்டுவந்த பையன் என்று ரகசியத்தைத் தொட்ட சிறு பாத்திரங்களுக்கும் ஒரு வரி வேண்டும். இறந்தாரா, ஊரை விட்டுப் போனாரா, பணம் வாங்கினாரா, தான் சுமந்தது என்னவென்றே அறியாதவரா என்று எழுதிவைக்க வேண்டும்.

மூலத்தில் உண்மையாகவே நெருடும் இடம் திருதராட்டிரர். கண்ணனும் கர்ணனும் தேரில் தனியாகப் பேசியதை நமக்கு நேராகக் கதை சொல்லவில்லை. என்ன பேசினார்கள் என்று திருதராட்டிரர் கேட்க, சஞ்சயன் சொல்வதாக வருகிறது. அப்படியானால் போர் தொடங்கும் முன்பே கௌரவர்களின் தந்தைக்குக் கர்ணன் குந்தி மகன் என்பது தெரியும். மகன் பெரிதும் நம்பியிருக்கும் வீரன் எதிரிகளுக்கு உடன்பிறந்தவன் என்பது ஓர் அரசனுக்கு எப்பேர்ப்பட்ட செய்தி! ஆனால் அது துரியோதனனுக்குப் போனதாகக் கதை காட்டவில்லை. இங்கே கதை சொல்லும் முறையே ரகசியத்தைக் கசியவிட்டிருக்கிறது. தன்மையில் எழுதப்படும் நாவல்களிலும், ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதாக அமையும் நாவல்களிலும் இதே கசிவு நேரும். யார் யாரிடம் சொல்கிறார் என்று வைத்தோமோ, கேட்பவருக்கும் அட்டவணையில் ஓர் இடம் தர வேண்டும்.

நான்காம் கட்டம்: பாதி தெரிந்தவர்

தெரியும், தெரியாது என்ற இரண்டு குறிகளோடு நிறுத்தினால் தருமரின் கட்டத்தை நிரப்ப முடியாது. போர் முடிந்து கங்கைக்கரையில் இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யும்போது, கர்ணனுக்கும் செய்யுங்கள், அவன் உங்கள் அண்ணன் என்று குந்தி சொல்கிறாள். தருமருக்குத் தெரிவது அப்போதுதான். ஆனால் அதன் பிறகு, சாந்தி பருவத்தின் தொடக்கத்தில், அவர் பழைய ஒன்றை நினைவுகூர்கிறார். சூதாட்ட சபையில் கர்ணனின் கொடிய சொற்களால் மூண்ட கோபம், அவன் பாதங்களைப் பார்த்ததும் தணிந்ததாம். அந்தப் பாதங்கள் அம்மாவின் பாதங்களைப் போல் இருந்தன, ஏன் என்று யோசித்தும் காரணம் பிடிபடவில்லை என்கிறார்.

இது சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாத நிலை. தடயம் கண்ணில் பட்டது, பொருள் விளங்கவில்லை. அட்டவணையில் இதற்குத் தனிக் குறி வேண்டும். நான்கு குறிகள் போதுமானவை: தெரியாது, தடயம் கண்டார், தெரியும், தவறாக நம்புகிறார். கடைசிக் குறி மிக முக்கியம். பாண்டவர்கள் கர்ணனைப் பற்றி ஒன்றும் அறியாமல் இருக்கவில்லை. அவன் தேரோட்டி மகன் என்று உறுதியாக நம்பினார்கள். அறியாதவன் கேள்வி கேட்பான். தவறாக நம்புகிறவன் அந்த நம்பிக்கைமேல் நின்று அம்பு விடுவான்.

இதுவரை பார்த்ததை ஒரு தாளில் போட்டால் இப்படி வரும். வரிசை, நடந்த காலத்தின்படி:

| நிகழ்ச்சி | குந்தி | கர்ணன் | தருமர் |
|---|---|---|---|
| அரங்கேற்றம் | தெரியும் (ஒற்றர், கவசம்) | தவறாக நம்புகிறார் | தவறாக நம்புகிறார் |
| சூதாட்ட சபை | தெரியும் | தவறாக நம்புகிறார் | தடயம் கண்டார் (பாதம்) |
| சூரியன் கனவு | தெரியும் | தடயம் கண்டார் | தவறாக நம்புகிறார் |
| கண்ணன் தேர் | தெரியும் | தெரியும் (வழி காட்டப்படவில்லை) | தவறாக நம்புகிறார் |
| 17ஆம் நாள் | தெரியும் | இறக்கிறார் | தவறாக நம்புகிறார் |
| நீர்க்கடன் | சொல்கிறாள் | – | தெரியும் (குந்தி) |

வாசகருக்கும் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆதி பருவத்தில் கர்ணன் பிறப்பு அரங்கேற்றத்துக்கு முன்பே சொல்லப்பட்டுவிடுகிறது. அதனால் வாசகரின் கட்டம் முதலிலிருந்தே ‘தெரியும்’. துப்பறியும் கதையில் அந்தப் பத்தி கடைசிவரை ‘தெரியாது’ என்று இருக்கும். எழுதுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இந்தப் பத்தியைத்தான். வாசகர் தவிக்க வேண்டுமா, வியக்க வேண்டுமா என்பது அதைப் பொறுத்தது.

ஒரு கட்டத்தை நகர்த்தினால்

எழுதும்போது நேரும் பிழைகளைவிடத் திருத்தும்போது நேரும் பிழைகள் அதிகம். தமிழ்நாட்டில் வழங்கும் கர்ணன் கதைகளில், கர்ணன் விழுந்ததும் குந்தி போர்க்களத்துக்கே ஓடிவந்து அவனை மடியில் கிடத்தி அழுகிறாள். பாண்டவர்களுக்கு உண்மை அங்கேயே தெரிகிறது. உருக்கமான மாற்றம். ஆனால் அட்டவணையைப் பாருங்கள். கர்ணன் இறப்பது 17ஆம் நாள். போர் 18ஆம் நாளும் உண்டு. அன்று சல்லியனைக் கொல்வது தருமர். மூலத்தில் அவர் ஒன்றும் அறியாமல் அன்று போரிடுகிறார். இந்த மாற்றத்தின்படி, அண்ணனைக் கொன்றோம் என்று அறிந்த மறுநாள் போரிட வேண்டும். கர்ணன் மரணத்தோடு கூத்தோ படமோ முடிந்துவிட்டால் தொல்லை இல்லை. கதை தொடர்ந்தால் 18ஆம் நாளை முழுவதும் திருப்பி எழுதியாக வேண்டும்.

வீட்டுக் கதையிலும் இதேதான். அப்பா நிலத்தை விற்றுவிட்டார் என்று அக்கா தம்பியிடம் 9ஆம் அத்தியாயத்தில் சொல்கிறாள் என்று வையுங்கள். நீளம் கருதி அந்தக் காட்சியை 15க்குத் தள்ளுகிறோம். இடையே 12ஆம் அத்தியாயத்தில் தம்பி அப்பாவிடம், ‘இருந்த நிலமும் போச்சு, இனிமே என்ன இருக்கு?’ என்று கோபத்தில் பேசும் ஒரு வரி அப்படியே நிற்கும். எழுதியவர் கண்ணுக்கு அது படாது, ஏனென்றால் அவருக்கு எல்லாம் தெரியும். வாசகர் உடனே பிடித்துவிடுவார்.

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. நாவலை முழுதாகப் படிக்காமல், ஒரே பாத்திரம் வரும் பக்கங்களை மட்டும் காலவரிசையில் எடுத்துப் படியுங்கள். அவர் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் இதைச் செய்ய என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டு, விடையை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பேச்சில் வரும் பெயர்களையும் உறவுச் சொற்களையும் தனியாகப் பாருங்கள். ரகசியம் முதலில் கசிவது அங்கேதான். நீர்க்கடன் நாளுக்கு முன்பு பீமன் வாயில் ‘அண்ணன் கர்ணன்’ என்று ஒரே ஒரு முறை வந்திருந்தால் பாரதம் அங்கேயே உடைந்திருக்கும்.

எல்லாச் செய்திக்கும் அட்டவணை தேவையில்லை. தெரிந்தால் யாராவது தன் நடத்தையை மாற்றிக்கொள்வார் என்ற செய்திக்கு மட்டும் போட்டால் போதும். ஒரு நாவலில் அப்படிப்பட்டவை மூன்றோ நான்கோதான் இருக்கும். வாரத் தொடர் எழுதுகிறவர்களுக்கு மட்டும் இது எழுதி முடித்த பின் செய்யும் வேலை ஆகாது. கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ போன்ற தொடரில் அச்சேறிய அத்தியாயத்தைத் திரும்பப் பெற முடியாது. அங்கே ஒவ்வொரு அத்தியாயத்தையும் அனுப்பும் முன்பே கட்டம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும்.

நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கதையின் மிகப் பெரிய ரகசியம் ஒன்றை எடுத்து, இன்றைக்கே அதற்கு ஒரு தாள் போடுங்கள். ‘தெரியும்’ என்று எழுதிய இடங்களில் எதற்காவது வழி எழுத முடியவில்லை என்றால், அடுத்து எழுத வேண்டிய காட்சி அதுதான்.